பி.எஃப். வாரிசு நியமனம்: கல்யாணத்துக்கு முன் எழுதியது செல்லுமா?

பல்லாவரம், தாம்பரம் பக்கத்துக் கம்பெனிகளில் வருடம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். "பி.எஃப். வாரிசு நியமனத்தை இந்தத் தேதிக்குள் புதுப்பிக்கவும்" என்று பணியாளர் பிரிவு கையெழுத்திட்டிருக்கும். திருநீர்மலையில் 20 பேருக்கு மேல் வேலை செய்யும் மொத்த மளிகைக் கடைக்கும் பி.எஃப். உண்டு, ஆனால் பணியாளர் பிரிவு கிடையாது. அந்த வேலை முதலாளி தலையில்தான்.

அந்தக் கெடு தேதி கம்பெனி தன் வசதிக்கு வைத்துக்கொள்வது. சட்டம் அப்படி ஒன்றைச் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 31-தான் கடைசி நாள் என்று பரபரப்பு கிளம்பியபோது, அதற்குப் பிறகும் பதியலாம் என்று பி.எஃப். நிறுவனமே விளக்கியது. உண்மையான கெடு சிப்பந்தியின் கல்யாண நாள். குடும்பம் இல்லாதபோது யார் பெயரை எழுதியிருந்தாலும், குடும்பம் ஏற்பட்டதும் அந்த நியமனம் தானாகவே ரத்தாகிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பொட்டலம் கட்டும் பையன் 23 வயதில் சேரும்போது தம்பி பெயரை எழுதுகிறான். 28-ல் கல்யாணம், பிறகு இரண்டு குழந்தைகள். 35-ல் இறந்துவிடுகிறான், கணக்கில் 4 லட்சம் ரூபாய். பி.எஃப். விதியில் தம்பி குடும்பத்தில் சேர்த்தியில்லை. செல்லும் நியமனம் இல்லாததால் மனைவி, இரு சிறு பிள்ளைகள், அவனை நம்பியிருந்த அப்பா, அம்மா ஆகிய ஐவருக்கும் ஆளுக்கு 80,000. மனைவிக்கு 60 சதவீதம், அம்மாவுக்கு 40 என்று அவன் மனதில் நினைத்திருந்தாலும் பயனில்லை. எழுதியிருந்தால் அப்படியே கிடைத்திருக்கும்.

அரசு ஊழியர் சேமநிதியிலும் இதே கதைதான். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதி, பிறகு மாற்றாமலே இறந்த ஒருவரின் வழக்கில், அந்த நியமனம் செல்லாது, மனைவிக்கும் அம்மாவுக்கும் சரிபாதி என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அவர் இறந்தது 2021-ல். மாமியாரும் மருமகளும் நான்கு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. பி.எஃப். இணையதளத்தில் சிப்பந்தியின் கணக்கைத் திறந்து Manage பகுதியில் E-Nomination என்பதை எடுக்க வேண்டும். சிப்பந்தியின் புகைப்படம், குடும்பத்தாரின் ஆதார் விவரம், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்பதைப் பதிய வேண்டும். சிறு பிள்ளைக்குக் காப்பாளர் பெயரும் தேவை. பென்ஷன் பகுதி தனியாக வரும். மனைவி, பிள்ளைகள் பெயர் அதிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது கடைசிப் படியில்தான். விவரத்தைச் சேமித்தால் முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு வரும் எண்ணைப் போட்டு e-sign செய்தால்தான் நியமனம் பதிவாகும். பழைய செல் நம்பரைத் தொலைத்த சிப்பந்திக்கு அந்த எண் வராது. முதலில் ஆதார் மையத்துக்கு அனுப்புங்கள். கையெழுத்தான படிவத்தை அச்செடுத்து ஒரு பிரதி கடைக் கோப்பிலும், இன்னொன்று அவர் வீட்டிலும் இருக்கட்டும். பணிக்கொடைக்கு நியமனப் படிவம் வேறு. அதையும் அதே நாளில் வாங்கிவிடலாம்.