பேயைக் காட்டாமலே பயமுறுத்துவது எப்படி? ஒரு 3 நிமிடக் குறும்படத்தின் கணக்கு

வார இறுதியில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேய்க் குறும்படம் எடுக்க முடிவு செய்கிறீர்கள். கையில் இருப்பது ஒரு போன், ஒரு ஃப்ளாட், நடிக்கத் தயாராக நண்பரின் எட்டு வயது மகள். முடிந்த படத்தை அவளும் பார்ப்பாள், அவள் பாட்டியும் பார்ப்பார். அதனால் ரத்தம் கிடையாது, கோரமான முகம் கிடையாது. அப்போ பயம் எங்கிருந்து வரும்?

1942-ல் வந்த ஒரு பஸ்

இதற்கான விடை 80 வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1942-ல் வெளியான 'கேட் பீப்பிள்' என்ற ஹாலிவுட் படத்துக்குப் பெரிய பட்ஜெட் கிடையாது. வால் லூட்டன் தயாரிப்பாளர், ஜாக் டூர்னர் இயக்குநர். அதில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். இன்னொருத்தி பின்தொடர்கிறாள். நமக்குக் கேட்பது இரண்டு ஜோடி ஹீல்ஸ் சத்தம் மட்டும். ஒரு கட்டத்தில் பின்னால் வரும் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் வேகமாக நடக்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. திடீரென்று மிருகம் சீறுவது போல ஒரு சத்தம். ஃபிரேமுக்குள் வந்து நிற்பது ஒரு பஸ். அந்தச் சீறல் அதன் பிரேக் சத்தம்.

இந்த உத்திக்கே சினிமாக்காரர்கள் 'லூட்டன் பஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் வந்த நொடியில் நாம் துள்ளுகிறோம். ஆனால் உண்மையான பயம் அதற்கு முன்பே, காலடிச் சத்தம் நின்றபோதே தொடங்கிவிட்டது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் காத்திருப்புதான் டென்ஷன். பதில் ஒரு சாதாரண பஸ்ஸாக இருந்தாலும் காத்திருப்பின் பயம் குறைவதில்லை. குடும்பத்தோடு பார்க்கும் படத்துக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

நம் கதை: 180 வினாடி

இதை ஒரு கதையில் பொருத்திப் பார்ப்போம். லீவுக்கு சித்தி வீட்டுக்கு வந்திருக்கிறாள் நிலா. ஹாலில் பந்து விளையாடுகிறாள். சித்தி பார்சல் வாங்கக் கீழே போகிறார். கரண்ட் போகிறது. கை தவறிய பந்து இருட்டான படுக்கையறைக்குள் உருண்டு போகிறது. உள்ளே ஏதோ முனகுகிறது, 'டுக்' என்று இடிக்கிறது. சிறிது நேரம் கழித்து, பந்து தானாக வெளியே உருண்டு வருகிறது.

உள்ளே இருப்பது ரோபோ வேக்குவம் க்ளீனர். அது பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் நிற்காது. பல மாடல்களில் சார்ஜிங் ஸ்டாண்டின் சிக்னல்தான் அதற்கு வழிகாட்டும். ஸ்டாண்டுக்கே கரண்ட் இல்லையென்றால் அது இருட்டில் வழி தெரியாமல் சுற்றும். ஆக, கதையில் பொய் எதுவும் இல்லை.

சத்தம்: கூட்டுவதைவிடக் கழிப்பது முக்கியம்

பயமுறுத்த வேண்டுமென்றதும் பலர் செய்யும் முதல் வேலை, இணையத்தில் ஒரு திகில் இசையை எடுத்துப் போடுவது. அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். கரண்ட் போனால் வீட்டில் என்ன நடக்கும்? ஃபேன் மெல்லச் சுற்றி நிற்கும். ஃப்ரிட்ஜ் அடங்கும். அதுவரை அவற்றுக்குப் பின்னால் மறைந்திருந்த ரோபோவின் முனகல் அப்போதுதான் கேட்கத் தொடங்கும். புதிதாக எதையும் சேர்க்காமலே ஒரு மர்மச் சத்தம் கிடைத்துவிட்டது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எடிட்டிங்கில் சத்தத்தை மொத்தமாகப் பூஜ்ஜியம் ஆக்கிவிடாதீர்கள். பார்ப்பவர் 'போன்ல ஏதோ கோளாறு'ன்னு நினைத்து வால்யூமைக் கூட்டுவார். ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள். அமைதியான இடங்களில் எல்லாம் அடியில் ஓடவேண்டியது அதுதான்.

ரோபோவின் சத்தத்தைத் தனியாக, பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் 'லோ பாஸ்' ஃபில்டர் போட்டு மேல் அலைவரிசைகளை வெட்டினால், சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல மங்கும். நிலா கதவை நெருங்க நெருங்க ஃபில்டரைத் தளர்த்துங்கள். ரொம்பக் கீழே இறங்கவும் வேண்டாம். போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் பெரிதாகக் கேட்காது. ஹெட்ஃபோனில் உங்களை மிரட்டிய அந்த ஆழமான உறுமல், வாட்ஸ்அப்பில் பார்க்கும் பாட்டிக்குக் கேட்கவே கேட்காது.

ஃபிரேம்: இருட்டுக்கு இடம் விடுங்கள்

கேமராவை நிலாவின் கண் உயரத்தில், தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் வையுங்கள். பெரியவர் உயரத்தில் சாதாரணமாகத் தெரியும் கதவு, அங்கிருந்து பார்த்தால் பெரிதாக நிற்கும். நிலாவை ஃபிரேமின் ஓரத்தில் நிறுத்தி, மீதி மூன்றில் இரண்டு பங்கை அந்த இருட்டான வாசலுக்குக் கொடுங்கள். கேமரா அசையவே வேண்டாம். காலி இடத்தைக் கண்டால் 'இங்க ஏதோ வரப்போகுது' என்று கண் தானாகவே தேடத் தொடங்கும்.

இங்கேதான் போன் கேமரா காலை வாரும். இருட்டைப் பார்த்ததும் அது தானாக வெளிச்சத்தைக் கூட்டும். வாசல் சாம்பல் நிறமாகி, கட்டிலும் அலமாரியும் புள்ளிபுள்ளியாகத் தெரிந்துவிடும், மர்மம் போச்சு. நிலாவின் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் விழும் மாலை நேரத்தில் எடுங்கள். ஐபோனில் அவள் முகத்தை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும். அப்படிப் பூட்டிவிட்டால் வாசல் கறுப்பாகவே இருக்கும்.

எப்போது காட்டுவது?

முதல் 40 வினாடி சாதாரண விளையாட்டு. அதில் ஒரு ஷாட்டில், நிலாவுக்குப் பின்னால் சுவரோரம் அந்தக் காலி சார்ஜிங் ஸ்டாண்ட் தெரியட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் அது இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் கடைசியில் 'ஏமாத்திட்டாங்க' என்று தோன்றும்.

கரண்ட் போனபிறகு முனகல். "சித்தி?" என்று கூப்பிட்டதும் தற்செயலாக அது நிற்கிறது. மறுபடி முனகல், 'டுக்'. 120-வது வினாடி வாக்கில் பந்து வெளியே வருகிறது. அந்த இடத்தில் பந்தை முதலில் காட்டாதீர்கள். நிலாவின் முகத்தைக் காட்டுங்கள். அவள் கண் எதையோ தொடர்ந்து மெதுவாகக் கீழே நகரட்டும். மூன்று வினாடி பொறுங்கள். அதற்குப் பிறகு அவள் காலில் வந்து முட்டும் பந்து. பிறகு இருட்டில், தரையோடு தரையாக, ஒரு பச்சைப் புள்ளி. 150-ல் கரண்ட் வருகிறது, ரோபோ தெரிகிறது, நிலா சிரிக்கிறாள்.

'அந்த ரோபோவை நேத்தே சர்வீஸுக்குக் குடுத்துட்டேனே!' என்று சித்தி சொல்வதுபோல் முடிக்க ஆசை வரும். பெரியவர்களுக்கு அது நல்ல முடிவுதான். எட்டு வயதுக்கு அல்ல. அவளுக்குக் கொடுத்த பதிலை நீங்களே திரும்பப் பிடுங்கிக்கொண்டால், ராத்திரி அந்தக் கேள்வியோடுதான் படுக்கப் போவாள்.

சரியா வந்திருக்கா?

முடிந்ததும் படத்தை ஒரு குழந்தைக்குப் போட்டுக் காட்டுங்கள், அம்மா அப்பா பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் திரையைப் பார்க்காமல் குழந்தையைப் பாருங்கள், கையில் வினாடிக் கணக்கோடு. "என்னது அது?" என்று கேட்டால் காத்திருப்பு வேலை செய்கிறது. போனை நோண்டப் போனால் அந்த இடம் நீளம், வெட்டுங்கள். கண்ணை மூடி, விரல் இடுக்கில் எட்டிப் பார்த்தால் சரியான அளவு. மூடிய கண்ணைத் திறக்கவே இல்லையென்றால், பச்சைப் புள்ளியை நான்கைந்து வினாடி முன்னால் கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒன்று. படம் முடிந்ததும் "இன்னொரு தடவை போடுங்க" என்று கேட்டு, இரண்டாம் முறை அந்தக் காலி ஸ்டாண்டை அவளே கண்டுபிடித்தால், உங்கள் படம் ஜெயித்துவிட்டது.