மேலே கடினம், உள்ளே மென்மை: தடிமனான ஷாஃப்ட்டில் என்ன நடக்குது?

எஃகை சுமார் 850 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, சட்டெனக் குளிரவைத்தால் கடினமாகும். ஆனால் தடிமனான ஷாஃப்ட்டின் மையம் மெதுவாகத்தான் குளிரும். மேற்பரப்பை மட்டும் சோதித்தால் உள்ளே மென்மையாக இருப்பது தெரியாது.

எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

இதற்குத்தான் ஜோமினி சோதனை. 25 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளமுள்ள கம்பியைச் சூடாக்கித் தொங்கவிட்டு, அடிமுனையில் மட்டும் தண்ணீர் பீய்ச்சுவார்கள். முனை வேகமாகக் குளிரும். மேலே போகப்போக வேகம் குறையும். ஒவ்வொரு தூரத்திலும் ராக்வெல் 'சி' கடினத்தை அளந்தால் வரைபடம் ரெடி.

இஎன்8, இஎன்19: என்ன வித்தியாசம்?

இரண்டிலும் கார்பன் சுமார் 0.4%தான். அதனால் முனையில் இரண்டுமே 55-ஐ ஒட்டியே இருக்கும். ஆனால் 20 மி.மீ. தூரத்தில் இஎன்8 சுமார் 25-க்கு இறங்கிவிடும். இஎன்19 சுமார் 45-ல் நிற்கும்.

எண்ணெயில் குளிரவைக்கும் 50 மி.மீ. விட்ட ஷாஃப்ட்டின் மையம், கிட்டத்தட்ட இந்த 20 மி.மீ. புள்ளியின் வேகத்தில்தான் குளிரும். அப்போ இஎன்8 ஷாஃப்ட்டின் மையம் மென்மையாகவே இருக்கும்.

தண்ணீரில் போட்டால்?

மையம் சுமார் 12 மி.மீ. புள்ளிக்குத்தான் வரும். இஎன்8 அங்கேயும் 30-ஐத் தாண்டுவது கஷ்டம். விரிசல் விழும் ஆபத்தும் உண்டு.

காரணம் என்ன?

இஎன்19-ல் உள்ள குரோமியமும் மாலிப்டினமும், எஃகு மென்மையான அமைப்புக்கு மாறுவதைத் தாமதப்படுத்துகின்றன. மெதுவாகக் குளிரும் மையத்துக்கும் கடினமாக நேரம் கிடைக்கிறது. உச்ச கடினத்தைத் தீர்மானிப்பது கார்பன். ஆழத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கலப்பு உலோகங்கள்.