தேள் கொட்டினால் கை இப்படிக் கொப்புளிக்காது

கிராம சுகாதார செவிலியர் ஒருவர் காலை ஏழு மணிக்கு நகரத்து அரசு மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "வணக்கம் மேடம். தாத்தாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு. நேத்து சாயங்காலம் கடலைச் செடி பிடுங்கும்போது வலது கையில ஏதோ கொட்டிடுச்சாம். தேளுன்னு சொல்றாங்க, யாரும் பார்க்கலை. சுண்ணாம்பு தடவியிருக்காங்க. ராத்திரிக்குள்ள கை வீங்கி, இப்போ கொப்புளம் வந்திருக்கு. டிடி ஊசி போட்டு ஆன்டிபயாட்டிக் குடுக்கலாமா?" கூடவே இரண்டு படங்கள். ஒன்றில் ஆட்காட்டி விரலின் அடியில் திராட்சை அளவுக்குக் கொப்புளம், மற்றொன்றில் உப்பிய புறங்கை.

வயல்காட்டு ஊர்களில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்குப் பழகிய செய்திதான் இது. இதற்கு வரும் பதிலைப் பொறுத்தே அந்தக் கை பிழைப்பதும், சில நேரம் ஆளே பிழைப்பதும் அமைகிறது.

தேள் என்று சொன்னதை மருத்துவர் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. நம் பக்கத்துத் தேள்கள் கொட்டினால் வலி உயிர் போகும், ஆனால் வீக்கம் அதிகம் இராது. ஆபத்தான செந்தேளின் விஷம் கையை விட்டுவிட்டு இதயத்தைத்தான் தாக்கும். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டும், கைகால் சில்லிடும், வாந்தி வரும், பிறகு மூச்சு வாங்கும். குளவி கொட்டினால் கை நன்றாகவே வீங்கும். அதில் அரிப்பும் தடிப்பும் முன்னால் நிற்கும், கொப்புளம் அபூர்வம். பூரான் கடித்தாலும் கொப்புளம் வரலாம், ஆனால் அது பெரும்பாலும் கடித்த இடத்தோடு நின்றுவிடும். சில மணி நேரத்தில் விரலிலிருந்து முழங்கையை நோக்கி ஏறும் வீக்கமும் அதன் மேல் கொப்புளமும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதைப் பாம்புக்கடியாகவே கருத வேண்டும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நல்ல பாம்பு ஆகிய மூன்றின் விஷமும் கடித்த இடத்துச் சதையை அழிக்கக்கூடியது.

பாம்பைப் பார்க்கவில்லையே என்றால், சுருட்டை விரியன் பெரும்பாலும் ஒரு முழம்தான் இருக்கும். வறண்ட நிலத்தில், செடி அடியில் மண் நிறத்தோடு கலந்து கிடக்கும். அந்தி வெளிச்சத்தில் செடியைப் பிடித்து இழுக்கும் கைக்குச் சுருக்கென்று ஒரு குத்தல்தான் தெரியும். சர்க்கரை நோயால் விரல் மரத்தவருக்கு அதுவும் குறைவாகத் தெரியலாம். இரண்டு பல் தடம் இருக்கிறதா என்று தேடுவதும் உதவாது. ஒரு பல் மட்டும் பட்டிருக்கலாம், இரண்டும் வீக்கத்தில் மறைந்திருக்கலாம்.

படத்துக்கும் வரம்பு உண்டு. கிட்டத்தில் எடுத்த படம் கொப்புளத்தைக் காட்டும், வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்பதைக் காட்டாது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுண்ணாம்பு பட்ட தோல் தானாகவே வெந்து கொப்புளிக்கவும் கூடும். ஆகவே மருத்துவர் திருப்பிக் கேட்கிறார்: "சிஸ்டர், ரெண்டு கையையும் தோள் வரைக்கும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பகல் வெளிச்சத்துல ஒரு படம் எடுங்க. சுண்ணாம்பு எங்கெல்லாம் பட்டிருக்கு? பல் தேய்க்கும்போது ரத்தம் வந்துச்சா? ராத்திரியிலிருந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனார், என்ன நிறம்? கண் இமை தொங்குதா? கையில மோதிரம், கயிறு ஏதாவது இருக்கா?"

பதில் வருகிறது. வீக்கம் முழங்கையைத் தாண்டிவிட்டது. சுண்ணாம்பு பட்டது ஒரு விரலில்தான், கொப்புளம் படாத இடத்திலும் இருக்கிறது. காலையில் ஈறில் ரத்தம் கசிந்தது, நிற்கவில்லை. விரலில் பழைய செம்பு மோதிரம் இறுகிக் கிடக்கிறது.

ஈறில் கசியும் ரத்தம் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. விரியன் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களை உடம்புக்குள்ளேயே செலவழித்துவிடும். பிறகு எங்கு கசிந்தாலும் நிற்காது. அந்த நிலையில் சதையில் போடும் எந்த ஊசியும் உள்ளே ரத்தக்கட்டை உண்டாக்கும். செவிலியர் கேட்ட டிடி ஊசிக்கு மருத்துவர் "இப்போ வேண்டாம்" என்பது இதனால்தான். வலிக்கு டைக்ளோபினாக்கும் கூடாது, பாராசிட்டமால் மாத்திரை போதும். மோதிரத்தைச் சோப்பு நீர் தடவியோ வெட்டியோ எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலுக்கு ரத்தம் போகாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. கையை ஒரு அட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்து, வீக்கம் முடியும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு மணியை எழுதி, 108 வண்டியில் ஏற்ற வேண்டும். கையில் ஏற்கெனவே கயிறு இறுக்கிக் கட்டியிருந்தால், அதைச் சட்டென்று அவிழ்க்காமல் மருத்துவமனையில் அவிழ்ப்பதே பாதுகாப்பு. பாம்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றுதான்.

மருத்துவமனையில் முதல் சோதனைக்கு ஒரு கண்ணாடிக் குழாய் போதும். புதிதாக எடுத்த 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். நல்ல ரத்தம் அதற்குள் உறைந்திருக்கும். தண்ணீராக வழிந்தால் விஷம் வேலை செய்கிறது. இதில் தவறு நடப்பதும் எளிது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல ரத்தமே சரியாக உறையாது. நடுவில் ஆட்டிப் பார்ப்பதும் முடிவைக் கெடுக்கும்.

தாத்தாவின் ரத்தம் உறையவில்லை. 10 குப்பி விஷமுறிவு மருந்து, உப்புநீரில் கலந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நரம்பு வழியாக ஏறுகிறது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் சிலருக்கு ஒவ்வாமையில் உடம்பு தடித்து, ரத்த அழுத்தம் விழலாம். அதற்கு அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கும். 6 மணி நேரம் கழித்து மீண்டும் அதே குழாய்ச் சோதனை. இம்முறை உறைகிறது.

இந்த மருந்தால் முடியாதது ஒன்று உண்டு. ரத்தத்தில் திரியும் விஷத்தை அது பிடித்துவிடும், ஏற்கெனவே செத்துப்போன சதையை மீட்காது. ஆகவே ரத்தம் சரியான பிறகும் தாத்தாவின் விரலடித் தோல் கறுத்து உரிகிறது. அதை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பு தடவிக் காத்திருந்த ஓர் இரவின் விலை அது. சர்க்கரை நோய் இருப்பதால் கிருமித் தொற்றையும் விழிப்பாகக் கவனிக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் கடிக்கும் கூன்மூக்கு விரியனுக்கு இந்த மருந்து வேலை செய்வதில்லை என்பதால், அங்கே வரும் இதே படத்தை மருத்துவர் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகிவிட்டது. பூச்சிக்கடி என்று சீட்டில் எழுதப்பட்டால் இந்தத் தாத்தா அந்தக் கணக்கில் வரமாட்டார், மருந்து எந்த ஊருக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கும் குறைந்துபோகும்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் செவிலியருக்கு மீண்டும் எழுதுகிறார்: "சிஸ்டர், அடுத்த ரெண்டு வாரம் அவரைப் பார்த்துக்கிட்டே இருங்க. காய்ச்சல், மூட்டு வலி, அரிப்பு வந்தா அந்த மருந்தோட பின்விளைவா இருக்கலாம், உடனே சொல்லுங்க. தினம் விரலை மடக்கி நீட்டச் சொல்லுங்க, இல்லேன்னா விரல் அப்படியே இறுகிடும்."