பக்கத்தில் நிற்பவரே அளவுகோல்

கல்யாணத்துக்கு வர முடியாத தம்பியைக் குடும்பப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்லி ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் உண்டு. தம்பியின் படம் வெளிநாட்டில் வெயிலில் எடுத்தது. சட்டைப் பித்தான் நூல்கூடத் தெரியும். மண்டபத்துப் படமோ மங்கிய வெளிச்சத்தில், லென்ஸை f/1.8 வரை திறந்து, 1/30 நொடியில் எடுத்தது. போகஸ் முன்வரிசை மணமக்கள் மேல்; பின்வரிசை லேசாகக் கலங்கியிருக்கும். அந்தப் பின்வரிசையில் தம்பியை வைத்தால், நிறம் பொருந்தினாலும் ஒட்டிய போஸ்டர் போலத் துருத்திக்கொண்டு நிற்பார்.

எவ்வளவு மங்கலாக்குவது என்பதை அதே வரிசையில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் நிற்பவர்களின் கலக்கமும் ஒன்றுதான். படத்தை 200% பெரிதாக்கி, மாமாவின் வெள்ளைக் காலர் பின்னாலுள்ள கருமைக்கு மாற எத்தனை பிக்சல் எடுக்கிறது என்று பாருங்கள். அங்கே 8, தம்பிக்கு 2 என்றால் அந்த இடைவெளியைத்தான் நிரப்ப வேண்டும். முதலில் தம்பியை உரிய அளவுக்குச் சுருக்கிவிடுங்கள். சுருக்கினால் படம் மறுபடி கூர்மையாகும், முன்பே மங்கலாக்கியது வீண். பிறகு போட்டோஷாப்பில் Filter > Blur Gallery > Field Blur. ஒரே ஒரு புள்ளி வைத்து, இரண்டு காலர்களும் ஒத்துப்போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

பெரும்பாலும் குட்டு உடைவது ஓரத்தில். உள்ளே முகம் மென்மையாகவும் வெட்டிய விளிம்பு கத்தி போலவும் இருந்தால் எவரும் கண்டுபிடிப்பார்கள். உருவத்தோடு மாஸ்க்கும் சேர்ந்து மங்க வேண்டும். அதற்கு மாஸ்க்கோடு சேர்த்து லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றிய பிறகு Field Blur கொடுக்க வேண்டும். அதற்கும் முன்பே, முடியோரம் ஒட்டியிருக்கும் பழைய வானத்தின் வெளுப்பை நீக்கிவிடுவது நல்லது. விட்டுவைத்தால் அது பரவி, தலையைச் சுற்றி ஒளிவட்டமாகிவிடும்.

அடுத்து அசைவு. மணப்பெண்ணின் மூக்குத்தி மினுக்கைப் பாருங்கள். போகஸில் இருப்பதால் அது ஏமாற்றாது. அது புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடாக இழுபட்டு, மற்ற நகைகளின் மினுக்குகளும் அதே திசையில் அதே நீளத்துக்கு இழுபட்டிருந்தால், ஆடியது கேமரா. கேமரா ஆட்டம் படத்தில் யாரையும் விடாது, ஆகவே தம்பிக்கும் அது உண்டு. ரூலர் டூலால் கோட்டின் நீளத்தையும் சாய்வையும் அளந்து, Motion Blur-இல் Distance, Angle என்ற இடங்களில் கொடுக்கலாம். மினுக்குகள் புள்ளியாகவே இருந்து மாமாவின் கை மட்டும் கலைந்திருந்தால், ஆடியது மாமா. அதில் தம்பிக்குப் பங்கில்லை.

இவ்வளவும் செய்தபின் தம்பியின் சட்டை மட்டும் மெழுகு போல வழவழப்பாகத் தெரியும். மங்கலாக்கும்போது பொடிப்புள்ளிகள் அழிந்துபோவதால் அப்படி. மண்டபத்துப் படத்திலோ அவை எங்கும் இருக்கின்றன. Add Noise மூலம், மாமாவின் சட்டையோடு ஒப்பிட்டு, கடைசியாகத் தூவ வேண்டும்.