‘பொருந்தாதது எது?’ – ஓரெழுத்தில் தவறும் புள்ளி

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞான முதலாம் பகுதியில் 40 வினாக்களுக்கு ஒரு மணித்தியாலம். வினா ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். இந்த அவசரத்தில், பாடம் நன்றாகத் தெரிந்தவரும் புள்ளி இழக்கும் இடம் எதிர்மறை வினா. புத்தளம் களப்பை வைத்து ஒரு மாதிரி வினாவைப் பார்க்கலாம்.

களப்போரக் கண்டல் தாவரங்கள் தொடர்பாகப் பொருந்தாத கூற்று எது?
1. உவர்ச் சேற்றில் வளரக்கூடியவை.
2. சில இனங்களின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நீளும்.
3. சில இனங்களின் விதை தாய்மரத்திலேயே முளைக்கும்.
4. வேர்களுக்கு வேண்டிய ஒட்சிசன் முழுவதும் சேற்றிலிருந்தே கிடைக்கும்.

விடை 4. களப்புச் சேற்றில் ஒட்சிசன் மிகக் குறைவு. மூச்சுவேர்கள் மேலெழுவதே அதனால்தான். கற்பிட்டிக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இது கண்ணால் கண்ட விடயம். ஆனாலும் முதல் கூற்றைப் படித்ததும் ‘இது சரிதானே’ என்று மனம் நின்றுவிடுகிறது. புள்ளடி 1இல் விழுகிறது. மற்ற மூன்றும் படிக்கப்படுவதே இல்லை.

தமிழில் இந்த ஆபத்து இன்னும் நுட்பமானது. ‘காணப்படுவது’, ‘காணப்படாதது’ என்ற இரண்டையும் பிரிப்பது சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சிறு ஒலி. ‘அன்று’, ‘தவிர’ போன்றவை தனிச்சொல்லாக நின்றாலும், வினாத்தொடரின் கடைசியிலேயே பெரும்பாலும் வரும். கண் அதற்குள் தெரிவுகளுக்குத் தாவிவிடும். தெரிவுக்குள்ளும் ‘நிகழ்வதில்லை’ என்று ஓர் எதிர்மறை இருந்தால் குழப்பம் இரட்டிக்கும்.

தப்பும் வழி எளிது. முதலில் எதிர்மறைச் சொல்லின் கீழ் கோடிட வேண்டும். பிறகு வினாவை மறந்து, ஒவ்வொரு தெரிவின் அருகிலும் ‘ச’ அல்லது ‘பி’ என்று எழுத வேண்டும். மேலேயுள்ள வினாவில் ச, ச, ச, பி என்று வரும். தனித்து நிற்பதே விடை. மூன்று ‘பி’யும் ஒரு ‘ச’வும் வந்தால், கேட்கப்பட்டது சரியான கூற்றாக இருக்கலாம், வினாத்தொடரை மீண்டும் படிக்க வேண்டும். இரண்டு தெரிவுகள் தெரியாதவையாக இருந்தால் இந்த எண்ணிக்கை உதவாது.

பிழைத்த விடை அறியாமையா, அவசரமா என்பதை ஆசிரியரும் இதே முறையால் கண்டுகொள்ளலாம். அந்த நான்கு கூற்றுகளையும் தனித்தனியே சரியா, பிழையா என்று கேட்க வேண்டும். நான்கிற்கும் பிள்ளை சரியாகப் பதில் சொன்னால், குறை பாட அறிவில் இல்லை, வாசிப்பில்தான்.

வினா அமைப்போருக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஹலடைனா, டவுனிங், ரொட்ரிகேஸ் ஆகியோர் 2002இல் தொகுத்த 31 விதிகளில், வினாவை நேர்மறையாக அமைக்க வேண்டும், எதிர்மறை தவிர்க்க முடியாவிட்டால் அச்சொல்லைத் தடித்த எழுத்தில் காட்ட வேண்டும் என்பதும் ஒன்று. மேலுள்ள வினாவையே ‘கண்டல் வேர்கள் ஒட்சிசனைப் பெற உதவும் அமைப்பு எது?’ என்று கேட்டால், அதே அறிவு பொறியின்றிச் சோதிக்கப்படும்.