படகு வராத கதை

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று, மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே காட்டு வாத்துக் கூட்டத்தில் மோதியது. இரண்டு எஞ்சின்களும் செயலிழந்தன. விமானி செஸ்லி சல்லன்பெர்கர் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். பறவை மோதியதிலிருந்து தண்ணீரைத் தொட்டதுவரை சுமார் மூன்றரை நிமிடம்தான். உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்துக்கொண்டார்கள். உறையும் குளிரில் மிதக்கும் விமானத்தின் இறக்கைகள் மேல் ஆட்கள் வரிசையாக நிற்க, படகுகள் விரைந்து வந்து அவர்களை ஏற்றிக்கொண்ட படத்தை உலகமே பார்த்தது.

அந்த விமானத்தின் முதல் வரிசையில், 1டி இருக்கையில் இருந்தவர் ரிக் இலையாஸ் என்ற தொழிலதிபர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011இல் டெட் மேடையில் அவர் அந்த அனுபவத்தைப் பேசினார். பேச்சு ஏறக்குறைய ஐந்து நிமிடம். அதில் படகு வரவில்லை. இறக்கை மேல் நின்றது இல்லை, குளிர் இல்லை, யார் கை கொடுத்துத் தூக்கினார்கள் என்பதும் இல்லை. விமானம் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே அவர் நிகழ்ச்சியை நிறுத்திவிடுகிறார்.

வேறு யாராக இருந்தாலும் முதலில் சொல்லத் தவிக்கும் பகுதி அதுதான். அதை அவர் ஏன் விட்டார் என்று புரிந்துகொண்டால், ஒரே ஓர் அனுபவத்தை வைத்து மேடைப் பேச்சு கட்டும் வேலையில் பாதி புரிந்த மாதிரி. மீட்புக் காட்சி 155 பேருக்கும் பொது, செய்தித்தாளிலும் வந்துவிட்டது. இலையாஸுக்கு மட்டும் சொந்தமானது, எஞ்சின் சத்தம் நின்றுபோன பிறகு அவர் மனத்துக்குள் நடந்தது. அதற்குப் பயன்படாத எதையும் அவர் மேடைக்குக் கொண்டுவரவில்லை.

வெடிச் சத்தம், புகை, பணிப்பெண்ணின் கண்ணில் தெரிந்த பயம் என்று தொடக்கத்தை வேகமாக முடித்துவிடுகிறார். பிறகு, தான் கற்றதாக மூன்று விஷயங்களைச் சொல்கிறார். அவை அந்தரத்தில் நிற்பதில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தை விமானம் மயிரிழையில் தாண்டும்போது, வீண் வீம்பில் கழித்த நாட்களை நினைக்கிறார். தண்ணீர் நெருங்கி வரும்போது, சாவு பயமாக இல்லை, ஆனால் பிள்ளைகள் வளர்வதைப் பார்க்க முடியாதே என்ற துக்கம் வருகிறது. இப்படிப் பாடம் பறக்கும் பாதையோடு ஒட்டியே வருவதால், கேட்பவருக்கு உபதேசம் கேட்கிற எண்ணமே எழுவதில்லை.

மூன்றாவது பாடத்தில் இன்னொன்றும் செய்கிறார். சுமார் ஒரு மாதம் கழித்து, முதல் வகுப்புப் படிக்கும் மகளின் மேடை நிகழ்ச்சிக்குப் போகிறார். குழந்தைக்குக் கலைத்திறமை அப்படியொன்றும் இல்லை என்று சிரிக்க வைத்துவிட்டு, அங்கே உட்கார்ந்து தான் தேம்பி அழுததைச் சொல்கிறார். நல்ல அப்பாவாக இருப்பதுதான் தனக்கு முக்கியம் என்ற வரி அதற்குப் பிறகே வருகிறது. முதல் இரண்டு பாடங்களைக் கேட்டுக்கொள்கிறோம். மூன்றாவதைக் கண்ணால் பார்க்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு மூன்று பாடம் கொஞ்சம் அதிகம்தான். முதல் இரண்டை எடுத்துவிட்டாலும் அந்தப் பேச்சு நிற்கும், மூன்றாவதை எடுத்தால் விழுந்துவிடும்.

இலையாஸ் அழைக்கப்பட்ட பேச்சாளர். அழைப்பில்லாமல் யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசும் மேடைகள் வேறு. அவற்றில் பெயர்பெற்றது, நாவலாசிரியர் ஜார்ஜ் டாவ்ஸ் கிரீன் 1997இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘தி மாத்’ அமைப்பின் கதைப்போட்டி. முதல் கூட்டம் அவர் வீட்டிலேயே நடந்தது. இப்போது பல நகரங்களில் நடக்கும் அந்தப் போட்டியில் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தலைப்பு உண்டு. பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுதிப் போடுகிறார்கள். சீட்டு விழும் பத்துப் பேர் மேடையேறுகிறார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம், மேலே ஒரு நிமிடம் சலுகை. கையில் குறிப்பு கூடாது. கதை உண்மையாகவும் சொல்பவருக்கே நடந்ததாகவும் இருக்கவேண்டும். பார்வையாளர்களிலிருந்தே நடுவர் குழுக்கள் அமைந்து மதிப்பெண் போடுகின்றன. நேரத்தைத் தாண்டினால் மதிப்பெண் குறையும். சென்னையிலும் வேறு ஊர்களிலும் நடக்கிற ஓப்பன் மைக் மேடைகள் இவ்வளவு கறாராக இல்லாவிட்டாலும், சில நிமிடங்களில் மைக்கைக் கொடுத்துவிடவேண்டும் என்பது அங்கேயும் விதிதான்.

அந்தப் போட்டிகளில் பலமுறை வென்றவர் மேத்யூ டிக்ஸ், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 2018இல் வெளியான ‘ஸ்டோரிவொர்த்தி’ என்ற நூலில் அவர் முன்வைக்கும் கருத்து, நல்ல கதை ஒவ்வொன்றும் ஐந்து விநாடிக்குள் அடங்கும் ஒரு மாற்றத்தைப் பற்றியது என்பது. அந்த விநாடிகளுக்கு முன்னால் ஒருவர் ஒருவிதமாக நினைத்தார், பின்னால் வேறுவிதமாக. முதலில் அந்தக் கணத்தைப் பிடி, அதுதான் கதையின் முடிவு. அதற்கு நேர் எதிரான நிலையில் கதையைத் தொடங்கு என்கிறார். முடிவைத் தெரிந்துகொண்ட பிறகே தொடக்கத்தைத் தேடவேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்லோருடைய விமானமும் ஆற்றில் இறங்குவதில்லை. சாதாரண அனுபவம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஒரு வங்கி எழுத்தர். பணம் எடுக்க வந்த பெரியவரைக் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பத் திரும்ப அலைக்கழித்திருக்கிறார். சில மாதம் கழித்துச் சொந்த அப்பாவின் கை நடுங்கிக் கையெழுத்துப் போட முடியாமல் போவதைப் பார்த்துத் திகைக்கிறார். இதைத்தான் மேடையில் சொல்ல நினைக்கிறார்.

அவர் எழுதும் முதல் வரைவு எப்படி இருக்கும் என்று எளிதில் ஊகிக்கலாம். வங்கித் தேர்வு எழுதியது, முதல் ஊர் மாற்றம், கிளையில் வேலைப்பளு, அப்பா ஒரு காலத்தில் எவ்வளவு கம்பீரமானவர் என்று வரிசையாக வரும். நான்காவது நிமிடத்தில்தான் பெரியவர் கவுன்ட்டருக்கு வருவார். எல்லாமே உண்மை, ஆனால் அந்தக் கணத்துக்கு எதுவும் உதவாது.

கணம் எது? ஆஸ்பத்திரியில் சேர்க்கைப் படிவத்தை நீட்டுகிறார்கள். அப்பா பேனாவைப் பிடிக்கிறார். முதல் எழுத்திலேயே கோடு இழுத்துக்கொண்டு போகிறது. அங்கிருக்கும் பெண், “ஐயா, சரியா போடுங்க” என்கிறாள். அது எழுத்தர் தினமும் சொல்லும் அதே வாக்கியம், அதே தொனி. முடிவு இதுதான் என்றால், எதிர்முனை கவுன்ட்டரில்தான் இருக்கிறது. ஆகவே பேச்சு இப்படித் தொடங்கலாம்: “பணம் எடுக்கிற படிவத்தை மூணாவது தடவையா அந்தப் பெரியவர்கிட்டயே திருப்பித் தள்ளினேன்.” ஊர், பெயர், வணக்கம் எதுவும் வேண்டாம். விதியே பெரிது என்று நம்பிய ஓர் ஆள் முதல் வரியிலேயே கண்முன் வந்துவிடுகிறார்.

நடுவில் என்ன வைப்பது? பெரியவருக்கு அந்தப் பணம் எதற்கு என்ற ஒரே விவரம் வேண்டும். கேட்பவர்களுக்கு அவர்மேல் பற்று வர அது போதும். அப்பாவின் நோய்ப் பெயர், டாக்டர் சொன்னது, செலவு எல்லாம் போகட்டும். அப்பாவின் கை முன்பு எப்படி எழுதியது என்பது மட்டும் ஒரு வரி. இத்தனைக்கும் ஐந்நூறு சொற்களை ஒட்டித்தான் இடம் இருக்கிறது. தமிழில் நிதானமாகப் பேசுகிறவருக்கு ஐந்து நிமிடத்தில் அதற்கு மேல் கொள்ளாது.

கடைசியில் பாடம் வரவேண்டிய இடம். நம் மேடைப் பழக்கம் இங்கேதான் குறுக்கே வரும். பட்டிமன்றமும் பள்ளிப் பேச்சுப்போட்டியும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, “ஆகவே நண்பர்களே, முதியோரை மதிப்போம்” என்று முடிக்காவிட்டால் பேச்சு முடிந்ததாகவே தோன்றாது. அந்த வரி யார் பேச்சிலும் ஒட்டும். அதனால் இவருடையது ஆகாது. எழுத்தர் அடுத்த வாரம் என்ன செய்தார் என்பது இவருடையது. கையெழுத்துப் போட இயலாத முதியவர்களிடம் இரண்டு சாட்சிகளை வைத்துக் கைநாட்டு வாங்கிப் பணம் கொடுக்க வங்கி விதியிலேயே இடம் இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்கவேண்டும். அந்த விதி அவருக்கு முன்பும் தெரியும்; அன்றுதான் இழுப்பறையிலிருந்து மை பேடை எடுத்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார். இதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். என்ன கற்றார் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது.

விதியைப் பற்றிய அந்தத் தகவல் கதைக்கு ஒரு கூர்மையும் கொடுக்கிறது. வழி இருந்தும் செய்யவில்லை என்பதால் சொல்பவர் தன்னையே கொஞ்சம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். தன்னைப் பெரியவனாகக் காட்டும் அனுபவக் கதைகள் மேடையில் எடுபடாமல் போவது இந்த விலை கொடுக்காததால்தான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேற்கத்திய கதைசொல்லிகள், ஆறாத காயத்தை மேடையேற்றாதே, தழும்பான பிறகு சொல் என்பார்கள். ஆறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பார்க்கலாம். முடித்ததும் அவர் கதையைப் பற்றிப் பேசாமல் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னால், இன்னும் நேரம் வரவில்லை. கூட்டமும் அதையேதான் செய்யும்: பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு, பேசுகிறவருக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்படும். கதையில் வரும் மற்றவர்களையும் மறக்கக்கூடாது. அப்பாவின் நடுங்கும் கையை ஊர் முன்னால் சொல்ல அப்பாவுக்குச் சம்மதமா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஒத்திகையில் மொத்தத்தையும் மனப்பாடம் செய்கிறவர்கள் ஒரு சொல் தவறினால் அப்படியே நின்றுவிடுகிறார்கள். அடுத்து என்ன நடந்தது என்று நினைவிருந்தாலும், அடுத்த வாக்கியம் வராது. அனுபவசாலிகள் காட்சிகளின் வரிசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள்: கவுன்ட்டர், பெரியவர், ஆஸ்பத்திரி, பேனா, மை பேட். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். முதல் வரி நடுக்கத்தைத் தாண்ட, கடைசி வரி நிறுத்தத் தெரியாமல் இழுப்பதைத் தவிர்க்க. செல்போனில் கடிகாரம் ஓட, நின்றுகொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேண்டும். மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும்போது நான்கு நிமிடத்தில் முடிவது, கூட்டத்தின் சிரிப்பும் நம் மூச்சும் சேர்ந்தால் ஆறைத் தொட்டுவிடும். சரியாக ஐந்துக்குத் தயாரிக்கிறவர் தாண்டிவிடுவார். நாலரைக்குத் தயாரிப்பதே பாதுகாப்பு.

இவ்வளவு உழைத்துவிட்டுப் போனாலும் சீட்டு விழாமல் போகலாம். மாத் போட்டியில் பத்துப் பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தால், மிஞ்சியவர்களை இரவின் முடிவில் மேடைக்குக் கூப்பிடுவார்கள். ஆளுக்கு ஒரே வாய்ப்பு: தங்கள் கதையின் முதல் வரியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கவேண்டும். “எல்லோருக்கும் வணக்கம், நான் ஒரு வங்கி ஊழியர்” என்று தொடங்குகிறவரைக் கூட்டம் அங்கேயே மறந்துவிடும். படிவத்தை மூன்றாவது தடவையாகத் திருப்பித் தள்ளியவரிடம், அப்புறம் என்ன ஆச்சு என்று வாசலில் நாலு பேராவது வந்து கேட்பார்கள்.