நெல்லா, மல்லாட்டையா?

திருவண்ணாமலைப் பக்கம் மார்கழி பிறந்ததும் கிணறு வைத்திருக்கும் விவசாயி முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும். நவரைக்கு நெல் நடுவதா, அதே நிலத்தில் மல்லாட்டை போடுவதா? (மற்ற ஊர்க்காரர்களுக்கு அது நிலக்கடலை, வேர்க்கடலை.) இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிலத்தில் இறங்கி, ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளியே வருபவை. பெரும்பாலும் போன வருடம் எதற்கு நல்ல விலை கிடைத்தது என்ற நினைவும், பக்கத்துக் காட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதுமே பதிலைத் தீர்மானிக்கின்றன. வேளாண் பொருளாதாரம் இதற்கு ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறது. அதன் பெயர் கிராஸ் மார்ஜின். ஒரு ஏக்கரில் விளைந்ததன் மொத்த மதிப்பிலிருந்து, அந்தப் பயிரை வைத்ததால் மட்டுமே வந்த செலவைக் கழித்தால் நிற்கும் மிச்சம் அது.

‘அந்தப் பயிரை வைத்ததால் மட்டுமே’ என்பதில்தான் கணக்கின் உயிர் இருக்கிறது. விதை, உரம், மருந்து, உழவு, ஆள்கூலி, அறுப்பு மெஷின், வண்டி வாடகை எல்லாம் பயிரோடு வருபவை. பயிர் இல்லையென்றால் இவையும் இல்லை. மோட்டார் கடன் தவணை, கம்பி வேலி, நிலவரி ஆகியவை அப்படியல்ல. நெல் நட்டாலும் மல்லாட்டை போட்டாலும், தரிசாக விட்டாலும்கூட, அவற்றைக் கட்டியே ஆக வேண்டும். எந்தப் பயிர் என்று தேர்வு செய்யும்போது இரண்டு பக்கத்திலும் ஒரே தொகை நிற்பதால் அதைச் சேர்ப்பதில் பயனில்லை. பலர் இங்கே குழம்புகிறார்கள். தவணையையும் ஏக்கருக்குப் பங்கிட்டுச் சேர்த்து, இரண்டிலும் நஷ்டம் என்று முடிவுகட்டி நிலத்தைச் சும்மா போட்டுவிடுகிறார்கள். தவணை மட்டும் அப்படியே நிற்கிறது. வருட முடிவில் எல்லாப் பயிர்களின் மிச்சத்தையும் கூட்டி, அதிலிருந்து இந்த நிலைச் செலவுகளை ஒரே தடவையில் கழித்தால்தான் பண்ணை லாபமா நஷ்டமா என்பது தெரியும். அது வேறு கேள்வி, வேறு கணக்கு.

குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றிய விவாதங்களில் அடிபடும் சி2 செலவும் வேறுதான். சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பு, முதலீட்டுக்கான வட்டி எல்லாம் சேர்ந்த முழுச் செலவு அது. விலை நியாயமா என்று கேட்க அது வேண்டும். அடுத்த வாரம் எதை விதைப்பது என்று கேட்க அது உதவாது.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் விளக்கத்துக்காக வைத்தவை. அவரவர் ஊர் கூலியையும் விலையையும் அந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த வரிகள் ஒவ்வொன்றும் உங்கள் நோட்டிலும் இருக்க வேண்டும்.

முதலில் ஒரு ஏக்கர் நவரை நெல். 75 கிலோ மூட்டையாக 30 மூட்டை, மூட்டை 1,700 ரூபாய் என்றால் 51,000. வைக்கோலுக்கு 3,000. ஆக வரவு 54,000. செலவில் விதை 1,500, நாற்றங்காலும் சேற்றுழவும் 6,500, நடவு 6,000, களை 4,000, உரம் 5,500, மருந்து 2,000, அறுப்பு மெஷின் 3,600, மூட்டை பிடிக்கவும் ஏற்றிப்போகவும் 1,900. கூட்டினால் 31,000. மிச்சம் 23,000.

அடுத்து மல்லாட்டை. ஏக்கருக்குக் காய்ந்த காய் 900 கிலோ, கிலோ 68 ரூபாய் என்றால் 61,200. மாட்டுக்கு ஆகும் கொடி 2,800. வரவு 64,000. செலவில் முதல் அடியே விதைதான். 60 கிலோ பருப்பு, கிலோ 125 வீதம் 7,500. உழவு 4,500, விதைப்பு 3,000, இரண்டு களையும் மண் அணைப்பும் 8,000, ஜிப்சம் உட்பட உரம் 4,500, இலைப்புள்ளிக்கும் புழுவுக்கும் மருந்து 2,500, செடி பிடுங்கிக் காய் ஆய 11,000, காயவைத்துக் கமிட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க 2,000. மொத்தம் 43,000. மிச்சம் 21,000.

ஏக்கருக்கு 2,000 ரூபாய் வித்தியாசத்தில் நெல் முந்துகிறது. இத்தோடு நிறுத்திக்கொண்டால் முடிவு தவறாகப் போக நிறைய வாய்ப்பு உண்டு.

முதல் சிக்கல் கணக்கு எழுதும் விதத்திலேயே இருக்கிறது. மேலே எல்லா வேலைக்கும் கூலி போட்டிருக்கிறோம். நிஜத்தில் களையெடுப்பிலும் காய் ஆய்வதிலும் வீட்டு ஆட்கள் இறங்குவார்கள். மல்லாட்டைக் கூலியில் 6,000 ரூபாய் வேலையும் நெல்லில் 2,000 ரூபாய் வேலையும் வீட்டிலேயே நடந்தது என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போன காசை மட்டும் எழுதுபவருக்கு மல்லாட்டையில் 27,000, நெல்லில் 25,000 நிற்கும். வரிசை தலைகீழாகிவிட்டது, வயலில் எதுவும் மாறவில்லை. வீட்டு உழைப்பைச் சேர்ப்பதா விடுவதா என்பது அவரவர் விருப்பம். ஆனால் இரண்டு பயிருக்கும் ஒரே விதி வேண்டும். அந்த நாட்களில் வீட்டுக்காரர்களுக்கு வெளியே கூலி வேலை கிடைக்குமென்றால் சேர்ப்பதே நியாயம் என்பது என் கருத்து. வீட்டில் நின்றுபோன நெல்லுக்கும் இதே கதிதான். சாப்பாட்டுக்கு ஐந்து மூட்டை எடுத்து வைத்துவிட்டு, விற்ற 25 மூட்டையை மட்டும் வரவில் எழுதினால் நெல் பாவம், 8,500 ரூபாய் குறைத்து மதிப்பிடப்படும். மாட்டுக்குப் போட்ட வைக்கோலும் கொடியும் அப்படியே. விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அந்த விலையை வரவில் ஏற்ற வேண்டும். இன்னொன்று, ‘ஒரு ஏக்கர்’ என்று சொல்லும் துண்டு அளந்து பார்த்தால் 85 சென்ட் இருக்கும். விளைச்சலையும் செலவையும் அந்தத் துண்டுக்கே எழுதி, பிறகு 100 சென்டுக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் ஒப்பீடே பொய்.

இரண்டாவது சிக்கல் தண்ணீர். இந்தக் கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீர் செலவுப் பட்டியலில் வருவதே இல்லை. ஆனால் கோடையை நோக்கிப் போகும் அந்த மாதங்களில் நிலத்தைவிடத் தண்ணீர்தான் தட்டுப்பாடு. நெல்லுக்கு ஒரு பருவத்தில் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை என்று கணக்கிடுகிறார்கள். நிலக்கடலைக்குச் சுமார் 500. அதாவது ஒரு ஏக்கர் நெல்லைக் காப்பாற்றும் தண்ணீர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் மல்லாட்டைக்குக் காணும்.

இரண்டரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கிணறு, நவரையில் ஒரு ஏக்கர் நெல்லுக்குத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் நட்டால் பண்ணை முழுவதற்கும் மிச்சம் 23,000. ஒன்றரை ஏக்கர் சும்மா கிடக்கும். அதே தண்ணீரில் இரண்டரை ஏக்கரும் மல்லாட்டை போட்டால் 52,500. ஏக்கருக்கு 2,000 பின்தங்கிய பயிர், பண்ணைக்கு 29,500 கூடுதலாகத் தருகிறது. ஏக்கருக்கு என்று வகுப்பது நிலம் தட்டுப்பாடாக இருக்கும்போது சரி. எது முதலில் தீர்ந்துபோகுமோ அதனால்தான் மிச்சத்தை வகுக்க வேண்டும். நிறைய ஒப்பீடுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

காலமும் அப்படி ஒரு தட்டுப்பாடுதான். கரும்பில் ஏக்கருக்கு 54,000 நிற்கிறது என்று ஒருவர் சொன்னால் அது பன்னிரண்டு மாத மிச்சம். நாலு மாத நெல்லோடு அதை நேராக வைத்துப் பார்க்கக் கூடாது. அதே நிலத்தில் வருடம் முழுக்க அடுத்தடுத்து வரக்கூடிய பயிர்களின் மிச்சத்தைக் கூட்டி வைத்துத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் அடுத்த பயிரே வராது என்றால் கரும்புக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

மூன்றாவது சிக்கல் கைக்காசு. இரண்டரை ஏக்கர் மல்லாட்டைக்கு 1,07,500 ரூபாய் வேண்டும். அதில் விதைக்கும் உழவுக்கும் முதல் மாதத்திலேயே கொட்ட வேண்டும். நெல்லில் போட்ட ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 74 ரூபாய் மிச்சம் நிற்கிறது. மல்லாட்டையில் 49தான். கையில் 70,000 மட்டும் இருந்தால்? முழுக்க மல்லாட்டை என்றால் 1.6 ஏக்கரோடு காசு தீரும், மிச்சம் 33,600. நெல் மட்டும் என்றால் ஒரு ஏக்கரோடு தண்ணீர் தீரும், 23,000. அரை ஏக்கர் நெல்லும் ஒன்றேகால் ஏக்கர் மல்லாட்டையும் போட்டுப் பாருங்கள். நெல்லுக்குப் பாதித் தண்ணீர், மல்லாட்டைக்கு மீதிப் பாதி. செலவு 15,500 உடன் 53,750, ஆக 69,250. தண்ணீரும் காசும் ஒன்றாகத் தீர்கின்றன. மிச்சம் 37,750. மீதி 75 சென்ட் அந்தப் பட்டத்துக்குத் தரிசு. எந்த ஒற்றைப் பயிரும் தராத தொகை கலப்பில் கிடைக்கிறது. நம் ஊர்களில் பலர் கணக்கே போடாமல் இப்படிக் கலந்து வைப்பது சும்மா இல்லை.

இந்தத் தொகைகளெல்லாம் எதிர்பார்த்த விளைச்சல் கிடைத்தால்தான். அதனால் ஒவ்வொரு பயிரும் எவ்வளவு குறைந்தால் மிச்சம் பூஜ்யமாகும் என்றும் பார்த்துவிட வேண்டும். செலவிலிருந்து வைக்கோல் அல்லது கொடியின் பணத்தைக் கழித்து, விலையால் வகுத்தால் போதும். நெல்லுக்குப் பதினாறரை மூட்டை வருகிறது. முப்பதிலிருந்து கிட்டத்தட்ட பாதிக்கு இறங்கினாலும் போட்ட காசு திரும்பும். மல்லாட்டைக்கு 591 கிலோ. தொள்ளாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு போனாலே கதை முடிந்தது. காய் குறைந்தால் ஆயும் கூலி கொஞ்சம் குறையும் என்பதால் நிஜ எல்லை இதற்குச் சற்றுக் கீழே இருக்கும். போன வருடமும் அதே காட்டில் மல்லாட்டை வைத்து, வேரழுகல் தலைகாட்டியிருந்தால் 900 கிலோ என்று எழுதுவதே தவறு. ஒரு பருவத்துக் கணக்குக்குப் போன பருவத்தின் மண் தெரியாது. விளைச்சல் இடத்தில் என்ன எண்ணை எழுதுவது என்பதில்தான் விவசாயியின் அனுபவம் வேலை செய்ய வேண்டும். சென்ற நாலைந்து வருடங்களில் மிக நல்லதையும் மிக மோசமானதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் இருப்பதை எடுப்பது நல்லது.

இப்போது நகையை வைத்துக் கடன் வாங்கி இரண்டரை ஏக்கரும் மல்லாட்டை போடலாமா என்ற கேள்விக்கு வரலாம். கூடுதலாகத் தேவை 37,500. வருடத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்றால் நாலு மாதத்துக்கு 1,500. எல்லாம் சரியாக நடந்தால் மிச்சம் 51,000, அதாவது கலப்பைவிட 13,250 அதிகம். ஏக்கருக்கு 700 கிலோவோடு நின்றுவிட்டால் ஏக்கர் மிச்சம் 7,400, இரண்டரைக்கு 18,500, வட்டி போக 17,000. அதே மோசமான வருடத்தில் கலப்பில் நெல் சரியாக வந்து மல்லாட்டை மட்டும் விழுந்தால், நெல்லில் 11,500, மல்லாட்டையில் 9,250, ஆக 20,750 நிற்கும், கடனும் இருக்காது. நல்ல வருடத்தில் 13,250 கூடுதல், மோசமான வருடத்தில் 3,750 குறைவு. வீட்டில் வேறு வருமானம் இருப்பவர் கடன் வாங்கலாம் என்பேன். சித்திரையில் கல்யாணச் செலவோ பள்ளிக் கட்டணமோ காத்திருப்பவர் அரை ஏக்கர் நெல்லை விட்டுவிடக் கூடாது.